கொடையாளர் படிவத்தில் ஐந்து வரி, நம் பேரேட்டில் பதினொரு தலைப்பு: கூட்டுத்தொகை ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது?

ஈசூன்வளர் | 14 ஏப்ரல் 2025, இரவு 9.40

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தும் சின்ன அறநிறுவனத்தின் கணக்கு. நிதியாண்டு மார்ச்சோடு முடிந்துவிட்டது. இந்தத் திட்டத்துக்கு ஒரே கொடையாளர், 120,000 வெள்ளி. அவர் கொடுத்த படிவத்தில் ஐந்து வரிதான். வரியின் பெயரை மாற்றக்கூடாது, புதிதாகச் சேர்க்கவும் கூடாது.

அ. ஆள்செலவு 66,000
ஆ. திட்டச் செலவு 30,000
இ. கருவிகள் 9,000
ஈ. போக்குவரத்து 6,000
உ. நிர்வாகம் 9,000

அ முதல் ஈ வரை ஒவ்வொரு வரியும் 10 விழுக்காடு வரை மிஞ்சலாம், அதற்கு மேல் போனால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். உ மட்டும் 9,000க்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கூடாது.

எங்கள் பேரேட்டில் திட்டக் குறியீடு P07க்கு விழுந்தவை:

5110 சம்பளம் 48,000
5115 13ஆம் மாதச் சம்பளம் 4,000
5120 மத்திய சேமநிதி எனும் மசேநி, முதலாளி பங்கு 8,840
5130 திறன் மேம்பாட்டுத் தீர்வை 121.25
5210 பகுதிநேர ஆசிரியர் கட்டணம் 14,400
5310 போக்குவரத்து 7,350
5320 அச்சு, எழுதுபொருள் 5,480
5410 இட வாடகை 6,000
5510 சிறு கருவிகள் 2,180
5520 தேய்மானம் 1,635
5610 பொதுச் செலவில் திட்டத்தின் பங்கு 7,900

மொத்தம் 105,906.25. இதைப் படிவத்தில் ஏற்றினால் 112,446.25 வருகிறது. வித்தியாசம் 6,540. அது ஜூலையில் வாங்கிய ஆறு மடிக்கணினியின் விலை என்று கண்டுபிடித்துவிட்டேன். பேரேட்டில் அவை சொத்து, படிவத்தில் கருவிகள். அப்படியானால் 112,446.25 என்றே அனுப்பிவிடலாமா? ஆள்செலவு 75,361.25 என்று நிற்பதும் உறுத்துகிறது. 30ஆம் தேதிக்குள் அனுப்பவேண்டும்.

தோபாயோ_குமரன் | 14 ஏப்ரல், இரவு 10.15

அடிப்படையே தப்பு அக்கா. கொடையாளர் படிவத்தில் எத்தனை வரியோ அத்தனை துணைத்தலைப்பைப் பேரேட்டிலேயே திறந்துவிடுங்கள். 5310-ஈ, 5320-ஆ, 5320-உ என்று. வவுச்சர் போடும்போதே அந்தந்த வரியில் விழுந்துவிடும், ஆண்டு முடிவில் வேலையே இல்லை. நாங்கள் இரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறோம்.

நந்தியாவட்டை | 14 ஏப்ரல், இரவு 10.52

உங்கள் அமைப்பு பொது நல அமைப்புத் தகுதி பெற்றதா? அப்படி என்றால் கொடையாளருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. ரசீதில் எந்தத் தலைப்பு என்று எழுதவேண்டியதில்லை.

ஈசூன்வளர் | 14 ஏப்ரல், இரவு 11.03

நன்றி, ஆனால் என் கேள்வி ரசீது பற்றியதல்ல. பணம் வந்தாகிவிட்டது, செலவும் ஆகிவிட்டது. அந்தச் செலவை அவர் படிவத்தில் எப்படிக் காட்டுவது என்பதுதான் கேள்வி.

பேரேடு | 15 ஏப்ரல், காலை 7.20

105,906.25, 112,446.25 இரண்டுமே அனுப்பத்தக்க எண் அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மடிக்கணினி. கொடையாளர் வாங்கிய ஆண்டிலேயே முழு விலையையும் தருகிறார். உங்கள் பேரேடு அதைச் சொத்தாக ஏற்றி மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துத் தேய்மானம் எழுதுகிறது. நீங்கள் 6,540ஐப் படிவத்தில் சேர்த்தீர்கள், அது சரி. ஆனால் 5520இல் உள்ள 1,635ஐயும் கருவிகள் வரியிலேயே விட்டிருக்கிறீர்கள். அந்த 1,635 அதே மடிக்கணினிகளின் ஒன்பது மாதத் தேய்மானம்: 6,540ஐ 36ஆல் வகுத்து ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். அதாவது அதே கணினிக்குக் கொடையாளரிடம் இரண்டு முறை பணம் கேட்கிறீர்கள். வித்தியாசத்துக்கு ஒரு காரணம் கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிட்டால் இப்படித்தான் ஆகும். 6,540 என்று துல்லியமாகப் பொருந்தியது உங்களைச் சமாதானப்படுத்திவிட்டது.

அடுத்தது ஆள்செலவு. கொடை ஒப்பந்தத்தின் விளக்கப் பகுதியில் 'ஆள்செலவு' என்றால் யார் என்று கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர், அதாவது மசேநி கட்டப்படுபவர் மட்டும். மணிக்கணக்கில் பில் கொடுத்துக் கட்டணம் வாங்கும் பகுதிநேர ஆசிரியர் அதில் வரமாட்டார், திட்டச் செலவில்தான் வருவார். ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்படித்தான் என்றால் 14,400 முழுவதும் ஆ வரிக்குப் போகும். ஆள்செலவு 60,961.25ஆக இறங்கும்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். உங்கள் தலைப்புகளில் பெரும்பாலானவை நேரே ஒரு வரிக்குள் போய்விடும். 5110, 5115, 5120, 5130 நான்கும் அ. எத்தனை தலைப்பு ஒரு வரிக்குள் போனாலும் கவலையில்லை, கூட்டினால் போதும். ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: உங்களுடைய ஒரே தலைப்பு அவருடைய இரண்டு மூன்று வரிகளுக்குப் பிரியவேண்டியிருக்கும்போது. உங்களிடம் அப்படி இரண்டு இருக்கின்றன, 5310உம் 5320உம். இவற்றை ஆண்டு முடிவில் 'எழுபதுக்கு முப்பது' என்று விழுக்காட்டால் பிரிக்கவே கூடாது. மொத்தம் ஒட்டும், ஆனால் கொடையாளரின் தணிக்கையாளர் 'ஈ வரிக்கு வவுச்சர் காட்டுங்கள்' என்றால் எந்த வவுச்சரைக் காட்டுவீர்கள்? வவுச்சர் வவுச்சராகப் பிரிக்கவேண்டும்.

5310, 5320 இரண்டின் வவுச்சர் பட்டியலையும் எடுத்து, ஒவ்வொன்றும் எதற்கான செலவு என்று ஒரு சொல்லில் எழுதி இங்கே போடுங்கள்.

பேரேடு | 15 ஏப்ரல், காலை 7.44

குமரனுக்கு. நீங்கள் சொல்வதில் பாதி சரி: செலவை வவுச்சர் போடும்போதே பிரிக்கவேண்டும். ஆனால் கொடையாளரின் வரி எழுத்தைத் தலைப்பில் ஒட்டுவது ஒரே கொடையாளர் இருக்கும்வரைதான் ஓடும். இரண்டாவது கொடையாளர் வந்து 'ஊழியர் பயணம் நிர்வாகத்தில் வரும், பிள்ளைகள் பயணம் திட்டத்தில் வரும்' என்றால் 5310-ஈ என்பதற்கு என்ன பொருள்? அதே கொடையாளர் அடுத்த ஆண்டு படிவத்தை மாற்றினால் போன ஆண்டுத் தலைப்போடு ஒப்பிடவும் முடியாது.

பிரிக்கவேண்டியது செலவின் இயல்பை வைத்து. 'பிள்ளைகள் வேன்', 'ஊழியர் டாக்சி', 'ஏற்றிறக்கு லாரி' என்று வவுச்சருக்கு ஒரு டேக். இவை எந்தக் கொடையாளர் வந்தாலும் மாறாது. எந்த இயல்பு எந்த வரிக்குப் போகும் என்பது தனிப் பட்டியலில், கொடையாளருக்கு ஒன்று வீதம் இருக்கட்டும். தலைப்பு 5310 தொடப்படாமலே இருக்கும்.

தோபாயோ_குமரன் | 15 ஏப்ரல், மதியம் 12.30

எங்களுக்கு ஒரே கொடையாளர்தான், அதனால் தெரியவில்லை போல. ஆனால் டேக் என்று வைத்தால் வவுச்சர் போடுகிறவர் மறந்துவிடுவார். தலைப்பு என்றால் கட்டாயம் போட்டே ஆகவேண்டும். இது உண்மையான தொல்லை.

பேரேடு | 15 ஏப்ரல், மதியம் 1.05

ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் கீழே எழுதப்போகும் பட்டியலில் 'பொருந்தாதது' என்று ஒரு வரி வைக்கிறோம். மறந்த வவுச்சர் எல்லாம் அங்கே வந்து நிற்கும், காணாமல் போகாது. எல்லாத் தலைப்புக்கும் டேக் தேவையில்லை. பிரியும் தலைப்புக்கு மட்டும் போதும். இவர்கள் கணக்கில் இரண்டு தலைப்புக்கு மொத்தம் ஐந்து டேக்.

ஈசூன்வளர் | 16 ஏப்ரல், இரவு 8.30

ஒப்பந்தத்தைப் பார்த்தேன். அ வரியில் 'மசேநி சந்தா செலுத்தப்படும் ஊழியர்' என்றே இருக்கிறது. ஆசிரியர் கட்டணம் ஆ வரிக்குப் போகிறது.

வவுச்சர் பிரித்தது:

5310: பிள்ளைகள் வேன் 4,900, ஊழியர் டாக்சி 1,250, லாரி 1,200. சேர்ந்து 7,350.
5320: பயிற்சித்தாள் அச்சு 4,300, அலுவலகத் தாள், மை 1,180. சேர்ந்து 5,480.

இன்னொன்று. தீர்வையை நான் தனியாகக் கணக்கிட்டால் 52,000க்கு 0.25 விழுக்காடு, 130 வெள்ளி வருகிறது. பேரேட்டில் 121.25. இங்கேயும் 8.75 விடுபட்டிருக்கிறதா?

பேரேடு | 16 ஏப்ரல், இரவு 9.10

விடுபடவில்லை, பேரேடு சரி. தீர்வை மாதச் சம்பளத்தில் முதல் 4,500 வெள்ளிக்கு மட்டும்தான். சாதாரண மாதம் 4,000க்கு 10 வெள்ளி. டிசம்பரில் 13ஆம் மாதச் சம்பளமும் சேர்ந்து 8,000, ஆனால் உச்சம் 11.25 தான். 11 மாதம் 110, டிசம்பர் 11.25. மசேநிக்கு இந்த வரம்பு வேறு. உங்கள் ஊழியருக்கு 52,000 முழுவதற்கும் 17 விழுக்காடு, 8,840 சரியாகவே இருக்கிறது.

லாரி 1,200 எதற்கு? அலமாரி ஏற்றிவந்ததா? பொருளை இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி அந்தப் பொருளின் செலவோடு போகும். அப்படியானால் இ வரிக்கு மாற்றுங்கள்.

ஈசூன்வளர் | 16 ஏப்ரல், இரவு 9.48

மாற்றினேன். இ வரி: சிறு கருவிகள் 2,180, மடிக்கணினி 6,540, லாரி 1,200. மொத்தம் 9,920. அனுமதித்த உச்சம் 9,900. இருபது வெள்ளி மிஞ்சுகிறது! லாரியைப் போக்குவரத்திலேயே விட்டால் அங்கே 7,350, அது 22.5 விழுக்காடு மிஞ்சல். எங்கே வைத்தாலும் இடிக்கிறது.

தோபாயோ_குமரன் | 16 ஏப்ரல், இரவு 10.02

இருபது வெள்ளிதானே, அலமாரியில் ஒன்றை எழுதுபொருளில் போட்டுவிடுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை.

முன்னாள்_தணிக்கை | 16 ஏப்ரல், இரவு 10.40

தயவுசெய்து வேண்டாம். ஆண்டு முடிந்தபின் ஒரு வரியின் வரம்புக்குக் கீழே வருவதற்காக நகர்த்தப்பட்ட பதிவைத்தான் முதலில் தேடுவோம். கடைசி இரண்டு வாரத்தில் போட்ட மாற்றுப் பதிவுகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினாலே தெரிந்துவிடும். இருபது வெள்ளி மிஞ்சியது குற்றமில்லை. அதை மறைக்கப் போட்ட பதிவுதான் எல்லா வரியையும் சந்தேகத்துக்கு இழுக்கும்.

பேரேடு | 17 ஏப்ரல், காலை 6.55

நான் அவசரப்பட்டுவிட்டேன். 'லாரி' என்ற ஒரே சொல்லைப் பார்த்து 1,200 முழுவதையும் இ வரிக்குத் தள்ளச் சொன்னேன். பில் ஒன்றா, பலவா? என்ன ஏற்றிவந்தது என்று பில்லில் எழுதியிருக்கும். அதைப் பாருங்கள்.

ஈசூன்வளர் | 17 ஏப்ரல், இரவு 7.15

இரண்டு பில். ஜூலை: 800 வெள்ளி, 'புத்தக அலமாரி, மேசை, கடையிலிருந்து ஈசூன் வகுப்பறைக்கு'. நவம்பர்: 400 வெள்ளி, 'புத்தகப் பெட்டி 22, பழைய வகுப்பிலிருந்து புது வகுப்புக்கு'. இரண்டாவது வாங்கிய பொருளே இல்லை, ஏற்கெனவே நம்மிடம் இருந்த புத்தகங்கள்.

பேரேடு | 17 ஏப்ரல், இரவு 8.00

அப்படியானால் 800 மட்டும் இ. 400 வகுப்பை இடம் மாற்றிய செலவு, ஆ வரி. இ வரி 9,520, மிஞ்சல் 5.8 விழுக்காடு, அனுமதி வேண்டாம். இது வரம்புக்காக நகர்த்தியதல்ல, பில்லில் எழுதியிருப்பதால் நகர்ந்தது. அந்த வேறுபாட்டை உங்கள் கோப்பில் இரண்டு வரியில் எழுதி, பில் நகலோடு வையுங்கள். வரம்பை ஒட்டி நிற்கும் எந்த வரிக்கும் இது தேவை.

இ வரி ஏன் இவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்றும் பாருங்கள். மடிக்கணினி விலைப்புள்ளி ஒன்று 1,000 வெள்ளியாக இருந்திருக்கும், ஆறுக்கு 6,000 என்று வரவுசெலவில் போட்டிருப்பீர்கள். பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்ந்து 1,090. உங்கள் அமைப்பு பொருள் சேவை வரிக்குப் பதியாதது, எனவே அந்த 90ஐத் திரும்பப் பெறமுடியாது, அதுவும் செலவுதான். உங்கள் அமைப்பு 1,000 வெள்ளிக்கு மேல்பட்ட பொருளைச் சொத்தாக ஏற்றுகிறது என்றால், அந்த 90 வெள்ளிதான் கணினியைச் செலவுத் தலைப்பிலிருந்து சொத்துக்குத் தள்ளியது. தேய்மானக் குழப்பத்துக்கே அதுதான் மூலம்.

ஈசூன்வளர் | 17 ஏப்ரல், இரவு 8.22

அப்படியேதான். எங்கள் வரம்பு '1,000க்கு மேல்'. விலைப்புள்ளியில் 1,000 என்றிருந்தது.

பேரேடு | 18 ஏப்ரல், காலை 10.30

இனி எக்செல் வேலை. பேரேட்டிலிருந்து P07இன் எல்லா வவுச்சர் வரியையும் இறக்கி `Ledger` என்ற அட்டவணையாக வையுங்கள். தனித்தாளில் `Map` அட்டவணை: முதல் நெடுவரிசையில் தலைப்பும் டேக்கும் சேர்ந்த சாவி, இரண்டாவதில் கொடையாளர் வரி. டேக் தேவைப்படாத தலைப்புக்குச் சாவி `5110|` என்று கோட்டோடு முடியும். பிறகு ஒவ்வொரு வவுச்சர் வரிக்கும்:

```
=XLOOKUP([@Account]&"|"&TRIM([@Tag]), Map[Key], Map[Line], "ZZ")
```

எந்தச் சாவியிலும் சேராதது ZZ ஆகிவிடும். குமரன் சொன்ன மறதி எல்லாம் இங்கே பிடிபடும். படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும்:

```
=SUMIFS(Ledger[Amount], Ledger[Line], $A5)
```

படிவத்தில் எண்ணைக் கையால் தட்டவே கூடாது. தட்டிய எண்ணுக்குப் பின்னால் வவுச்சர் இருக்காது.

தேய்மானத்துக்கு `5520|` என்ற சாவியை XD என்ற வரிக்கு அனுப்புங்கள். அது படிவத்தில் வராது, சரிக்கட்டும் பட்டியலில் மட்டும் வரும். மடிக்கணினி சொத்துத் தலைப்பில் இருப்பதால் செலவுப் பேரேட்டை மட்டும் இறக்கினால் அது வரவே வராது. 1510 தலைப்பில் P07 பதிவுகளையும் சேர்த்து இறக்கி, `1510|` சாவியை இ வரிக்கு அனுப்புங்கள்.

பேரேடு | 18 ஏப்ரல், காலை 11.05

மேலே விட்டுப்போன இரண்டு கண்ணி.

பழைய கோப்பில் VLOOKUP இருந்தால் கடைசி `FALSE` இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்தும் சாவியின் வரியைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். மொத்தம் ஒட்டும், ஆனால் செலவு தப்பான வரியில் உட்கார்ந்திருக்கும். மொத்தம் ஒட்டுகிறது என்ற சோதனை இந்தத் தப்பைக் காட்டாது. அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு வரியையும் வடிகட்டி அதில் எந்தத் தலைப்புகள் விழுந்திருக்கின்றன என்று கண்ணால் பார்ப்பது. போக்குவரத்து வரியில் 5410 தெரிந்தால் அங்கே பிடித்துவிடலாம்.

இரண்டாவது, உங்கள் கொடையாளர் அ, ஆ என்று வைத்திருப்பது உங்கள் நல்ல காலம். பலர் 1.1, 1.2 என்று 1.10 வரை எண் தருவார்கள். SUMIFS எண் போலத் தெரியும் எழுத்தை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு 1.1உம் 1.10உம் ஒன்றுதான். இரண்டு வரியிலும் இரண்டின் தொகையும் வந்து மொத்தம் பெருகும். சாவியில் முன்னால் ஓர் எழுத்து வையுங்கள், `L1.10` என்று. அது போதும்.

மேடைக்காரர் | 18 ஏப்ரல், மாலை 4.20

நாங்கள் நாடகக்குழு. எங்கள் படிவத்தில் 'தன்னார்வலர் நேரத்தின் மதிப்பு' என்று ஒரு வரியே இருக்கிறது. பேரேட்டில் அப்படி எதுவும் கிடையாது, யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. ஒத்திகைக்கு வந்தவர்களின் மணியைப் பெருக்கி அங்கே எழுதினால் மொத்தம் பேரேட்டைவிடப் பெரிதாகிவிடுகிறது. அதற்கும் சாவி போடவேண்டுமா?

பேரேடு | 18 ஏப்ரல், மாலை 5.00

வேண்டாம். பணமாக நகராததைப் பேரேட்டோடு சேர்த்துச் சரிக்கட்டவே முடியாது. வருகைப்பதிவிலிருந்து தனித்தாளில் கணக்கிட்டு, படிவத்தில் அந்த வரியை மட்டும் அங்கிருந்து எடுங்கள். சரிக்கட்டும் பட்டியலில் 'பேரேட்டில் இல்லாதது' என்று தனியே காட்டுங்கள். மணிக்கு எத்தனை வெள்ளி என்பதைக் கொடையாளரிடமே எழுத்தில் கேட்டுவிடுங்கள், நீங்களாக முடிவுசெய்யாதீர்கள்.

ஈசூன்வளர் | 20 ஏப்ரல், மாலை 6.10

செய்தேன். ZZஇல் முதலில் மூன்று வவுச்சர் நின்றன, எல்லாம் டாக்சி, டேக் போடாதவை. போட்டுவிட்டேன், இப்போது ZZ சுழியம்.

அ 60,961.25
ஆ 25,100.00
இ 9,520.00
ஈ 6,150.00
உ 9,080.00

உ வரி எண்பது வெள்ளி மிஞ்சுகிறது. 7,900 பொதுச் செலவும் 1,180 தாள், மையும். தாளை ஆ வரிக்குக் கொண்டுபோகலாமா?

முன்னாள்_தணிக்கை | 20 ஏப்ரல், இரவு 7.30

அலுவலகத் தாள் அலுவலகத் தாள்தான். மிஞ்சிய எண்பதை உங்கள் பொது நிதியிலிருந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பேரேட்டில் அந்தச் செலவு P07இலேயே இருக்கட்டும், பொது நிதியிலிருந்து இந்தத் திட்ட நிதிக்கு 80 மாற்றம் என்று ஒரு பதிவு. படிவத்தில் உ வரி 9,000.

அதோடு ஒன்று சொல்லவேண்டும், இதுவரை யாரும் தொடவில்லை. படிவம் சொல்லும் மீதம் உங்கள் நிதிநிலை அறிக்கையில் உள்ள நிதி இருப்போடு ஒட்டாது. கொடையாளரின் ஆள் ஆண்டறிக்கையைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பார். இப்போதே விடை தயார்செய்யுங்கள்.

பேரேடு | 20 ஏப்ரல், இரவு 9.15

தணிக்கை அண்ணன் சொன்னது முக்கியம். இரண்டு சரிக்கட்டலையும் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

செலவுக்கு:

பேரேட்டில் P07 செலவு 105,906.25
கழிக்க: தேய்மானம் 1,635.00
கூட்ட: சொத்தாக ஏற்றிய மடிக்கணினி 6,540.00
கழிக்க: பொது நிதி ஏற்ற நிர்வாகம் 80.00
படிவத்தின் மொத்தம் 110,731.25

அ முதல் உ வரை கூட்டினாலும் இதே 110,731.25 வரவேண்டும். வருகிறது.

மீதத்துக்கு: படிவப்படி 120,000இல் மிச்சம் 9,268.75. பேரேட்டில் திட்ட நிதியின் இருப்பு 14,173.75 என்று நிற்கும், ஏனென்றால் அங்கே கழிந்தது 105,826.25 மட்டும். இடையிலுள்ள 4,905 எங்கே? மடிக்கணினியின் இன்னும் தேயாத மதிப்பு, 6,540இல் 1,635 போக. அது பணமாக இல்லை, கணினியாக வகுப்பறையில் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் படிவத்தோடு இணைத்து அனுப்பினால் கேள்வி வராது.

இது அடுத்த ஆண்டும் தொடரும் என்பதை மறக்கவேண்டாம். 2025/26இல் 2,180 தேய்மானம் விழும். கொடையாளர் படிவத்தில் அது வராது, ஈடாகக் கூட்ட எந்தக் கொள்முதலும் இருக்காது. கணினி முழுவதும் தேயும்வரை, ஜூன் 2027 வரை, சரிக்கட்டும் பட்டியலில் அந்த வரி இருக்கவேண்டும். பொறுப்பு கைமாறும்போது விட்டுப்போவது இதுதான்.

தோபாயோ_குமரன் | 21 ஏப்ரல், காலை 8.15

எங்கள் கணக்கிலும் போன ஆண்டு வாங்கிய புரொஜெக்டர் இருக்கிறது. தேய்மானத்தையும் படிவத்தில் சேர்த்துத்தான் அனுப்பினோம் என்று இப்போதுதான் தெரிகிறது. திருத்திய படிவம் அனுப்பலாமா, அடுத்த அறிக்கையில் கழித்துக்கொள்ளலாமா?

முன்னாள்_தணிக்கை | 21 ஏப்ரல், காலை 9.00

திருத்திய படிவம், ஒரு சிறு கடிதத்தோடு. அடுத்த அறிக்கையில் கழித்தால் அந்த ஆண்டின் வரி எதுவும் பேரேட்டோடு ஒட்டாது.

ஈசூன்வளர் | 22 ஏப்ரல், இரவு 9.20

அடுத்த ஆண்டு வரவுசெலவை இப்போதே தயாரிக்கிறேன். போன தடவை கொடையாளர் படிவத்திலேயே நேராக எண்களைத் தட்டினோம், அதனால் 66,000க்குள் சம்பளம் எவ்வளவு, மசேநி எவ்வளவு என்ற விவரம் எங்கும் இல்லை. இம்முறை எங்கள் தலைப்பு, டேக் வாரியாக எழுதி, அதே `Map` வழியாகப் படிவத்துக்கு ஏற்றினேன். ஆசிரியர் கட்டணம் ஆ வரியில்தான் விழும் என்று செலவு செய்யும் முன்பே தெரிகிறது. லாரியை இரண்டு டேக்காக்கிவிட்டேன்: 'பொருள் கொண்டுவரும் லாரி', 'இடமாற்ற லாரி'.

பேரேடு | 22 ஏப்ரல், இரவு 9.50

நன்று. `Map` தாளை ஆண்டுக்கு ஒரு பிரதியாகப் பூட்டி வையுங்கள். நடு ஆண்டில் கொடையாளர் வரி மாற்ற அனுமதி கொடுத்தால் பழைய வரவுசெலவை அழித்து எழுதாமல், பக்கத்தில் 'திருத்தியது' என்று புது நெடுவரிசை, அனுமதிக் கடிதத்தின் தேதியோடு.

ஈசூன்வளர் | 23 ஏப்ரல், இரவு 8.05

கடைசியாக ஒன்று. எங்கள் ஊழியர் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு எடுத்தார். அதில் அரசாங்கம் ஏற்கும் மூன்று நாளுக்கான பணம் எங்களுக்குத் திரும்ப வரும். பேரேட்டில் அது 'பிற வருமானம்', சம்பளம் முழுதாக 5110இல் நிற்கிறது. படிவத்தில் அ வரியிலிருந்து கழிக்கவேண்டுமா?

பேரேடு | 23 ஏப்ரல், இரவு 8.40

கழிக்கவேண்டும் என்பதே என் எண்ணம். அந்த மூன்று நாளுக்கு இரண்டு இடத்திலிருந்து பணம் வாங்கியதாக ஆகிவிடும். சரிக்கட்டும் பட்டியலில் இன்னொரு கழித்தல் வரி.

முன்னாள்_தணிக்கை | 23 ஏப்ரல், இரவு 9.30

நான் ஒத்துப்போகவில்லை. ஒப்பந்தத்தில் 'செலுத்திய சம்பளம்' என்றிருந்தால் முழுத்தொகையைக் காட்டலாம், 'நிகரச் செலவு' என்றிருந்தால் கழிக்கவேண்டும். இரண்டு விதமான ஒப்பந்தத்தையும் பார்த்திருக்கிறேன். விடுப்பு எடுத்த நாளில் வேறு ஆளை வைத்து அதற்கும் பணம் கொடுத்திருந்தால் கணக்கே வேறு.

ஈசூன்வளர் | 24 ஏப்ரல், மதியம் 1.10

ஒப்பந்தத்தில் 'ஆள்செலவு' என்று மட்டும்தான் இருக்கிறது, இரண்டு சொல்லும் இல்லை. கொடையாளருக்கு இன்று எழுதிக் கேட்டிருக்கிறேன். மற்ற நான்கு வரியும் பூட்டியாயிற்று, அ வரி மட்டும் பதிலுக்காக நிற்கிறது.